படுக்கையை நனைக்கும் பிள்ளை: இரவுக்கான வேலை காலையிலேயே தொடங்குகிறது



நமது மருத்துவ முகாமுக்கு வரும் தாய்மார்கள் காய்ச்சலையும் இருமலையும் சத்தமாகச் சொல்வார்கள். ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் நகர்ந்த பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "எட்டு வயசாச்சு, இன்னும் ராத்திரி படுக்கையிலேயே போயிடுறான். என்ன செய்றது?" பக்கத்தில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டால் பட்டியல் நீளும். திட்டியிருப்பார்கள், அடித்திருப்பார்கள், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுக்காமல் நிறுத்தியிருப்பார்கள், தாயத்துக் கட்டியிருப்பார்கள், நள்ளிரவில் அலாரம் வைத்து எழுப்பியிருப்பார்கள். ஒன்றும் பலிக்கவில்லை என்ற களைப்பு முகத்தில் தெரியும்.

இந்தத் தாய்மார்களுக்காகவே இந்தக் கட்டுரை. முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளை நனைப்பது இரவில்தான், ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் பகலில் இருக்கிறது. காலையிலிருந்து பிள்ளை எவ்வளவு குடித்தது, எத்தனை தடவை சிறுநீர் கழித்தது, மலம் எப்படிப் போகிறது ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் இரவை மட்டும் சரிசெய்ய முடியாது.

எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது?

ஐந்து வயதுக்கு முன் படுக்கை நனைவதை மருத்துவர்கள் ஒரு பிரச்சினையாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் சுமார் பதினைந்து பேர் இரவில் நனைக்கிறார்கள். ஏழு வயதில் இது ஏழு முதல் பத்துப் பேராகக் குறைகிறது. பத்து வயதிலும் நூற்றுக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள். நாற்பது பேர் படிக்கும் மூன்றாம் வகுப்பில் உங்கள் பிள்ளையைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேருக்காவது இது இருக்கும். அந்த வீடுகளிலும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும், இப்படி நனைக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் ஒவ்வொரு வருடமும் தானாகவே விடுபட்டுவிடுகிறார்கள். வளர வளர உடம்பே இதைக் கற்றுக்கொள்கிறது என்று இதற்குப் பொருள். ஆனால் மீதிப் பிள்ளைகள் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் தங்கமாட்டேன் என்று பிள்ளை அழும். ஹிப்ழு மத்ரஸா விடுதியில் சேரப் பயப்படும். தம்பி கேலி செய்வான். அதனால்தான் "பெரியவனானா சரியாயிடும்" என்று சும்மா இருப்பதைவிட, நம் கையில் இருப்பதைச் செய்வது நல்லது என்கிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் தூங்கும்போது மூளை ஒரு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது சிறுநீரகங்களிடம், "இரவில் குறைவாகச் சிறுநீர் உண்டாக்கு" என்று சொல்கிறது. சில பிள்ளைகளுக்கு இந்த ஹார்மோன் இரவில் போதிய அளவு கூடுவதில்லை. அதனால் பகலைப் போலவே இரவிலும் சிறுநீர் உண்டாகி, பை நிரம்பிவிடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளை தூங்கிய இரண்டு மூன்று மணி நேரத்திற்குள்ளேயே ஒரேயடியாக நிறைய நனைத்துவிடும்.

இன்னும் சில பிள்ளைகளின் சிறுநீர்ப்பை தன் வயதுக்கு ஏற்ற அளவைப் பிடித்துவைப்பதில்லை. கொஞ்சம் சேர்ந்ததுமே சுருங்கி வெளியே தள்ளுகிறது. இவர்கள் ஒரே இரவில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக நனைப்பார்கள். பகலிலும் "அவசரம், அவசரம்" என்று ஓடுவார்கள், அல்லது காலைப் பின்னிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த இருவகைப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இன்னொன்றும் இருக்கிறது. பை நிரம்பியதும் போகிற செய்தி, தூங்குகிற மூளையை எழுப்புவதில்லை. "பக்கத்தில் இடி விழுந்தாலும் எழமாட்டான்" என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான். சோம்பேறித்தனத்தால் எழாமல் கிடப்பதாக நினைப்பது தவறு. அந்தச் செய்தியே பிள்ளைக்கு எட்டவில்லை. எட்டாத செய்திக்காக அடித்தால், அடி மட்டும்தான் மனதில் நிற்கும்.

இது பரம்பரையாகவும் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இருவருக்கும் இருந்திருந்தால் எழுபதுக்கு மேல். வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை அதட்டும் வாப்பாவே பத்து வயதுவரை நனைத்தவராக இருக்கலாம்.

மலச்சிக்கல் என்ற மறைந்திருக்கும் காரணம்

பெற்றோர் எதிர்பார்க்காத காரணம் இது. சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால்தான் மலக்குடல் இருக்கிறது. அங்கே மலம் கெட்டியாகச் சேர்ந்து கிடந்தால் அது பையை அழுத்தும். அழுத்தப்பட்ட பைக்கு நிரம்ப இடம் இருக்காது, அடிக்கடி தானாகச் சுருங்கவும் செய்யும்.

"தினமும் போறான், மலச்சிக்கல் இல்லை" என்று சொல்வீர்கள். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், உள்ளே மீதம் தேங்கும் பிள்ளைகளும் உண்டு. மலம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக வருகிறதா, கழிவறையை அடைக்கும் அளவுக்குப் பெரிதாக வருகிறதா, போகும்போது வலிக்கிறதா, வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவாகப் போகிறதா, உள்ளாடையில் லேசாகக் கறை படிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மலச்சிக்கலைத்தான் சரிசெய்ய வேண்டும். சில பிள்ளைகளுக்கு இதைச் சரிசெய்ததுமே படுக்கை நனைவதும் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

கொய்யா, பப்பாளி, கீரை, தோலோடு கூடிய பயறு வகைகள், போதிய தண்ணீர் ஆகியவை உதவும். காலை உணவு முடிந்த கையோடு ஐந்து முதல் பத்து நிமிடம் கழிவறையில் உட்காரும் பழக்கமும் வேண்டும். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசைவதால் அதுவே நல்ல நேரம். மேல்நாட்டுக் கழிவறையாக இருந்தால் பிள்ளையின் கால் தொங்காதபடி ஒரு சிறு முக்காலி போடுங்கள். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு உணவு மட்டும் போதாது. மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அவர் சொல்லும் காலம்வரை கொடுக்க வேண்டும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிட்டால் மறுபடியும் தேங்கும்.

ஒரு பிள்ளையின் இரண்டு நாள் கணக்கு

முகாமுக்கு வந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, யார் என்று தெரியாதபடி இங்கே தருகிறோம். பையனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாரத்தில் ஆறு இரவுகள் நனைத்துக்கொண்டிருந்தான். வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். உம்மாவும் வாப்பும்மாவும்தான் வீட்டில். மருத்துவர் முதலில் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "இரண்டு நாளைக்கு அவன் குடிப்பதையும் கழிப்பதையும் நேரத்தோடு எழுதி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

உம்மா எழுதி வந்த பள்ளி நாள் கணக்கு இது. காலையில் அரை டம்ளர் டீ, 100 மி.லி. பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டிலில் 150 மி.லி.தான் குறைந்திருந்தது. மாலை 4.30க்கு வீடு வந்ததும் ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் தண்ணீர், 400 மி.லி. ஐந்து மணிக்கு மறுபடியும் டீ, 100 மி.லி. விளையாடிவிட்டு மஃரிபுக்கு முன் ஒன்றரை டம்ளர், 300 மி.லி. இஷாவுக்குப் பிறகு மக்தபிலிருந்து வந்து 8.30க்குச் சாப்பாட்டோடு இரண்டு டம்ளர், 400 மி.லி. 9.30க்கு ஒரு டம்ளர் பால், 200 மி.லி. பத்து மணிக்குப் படுக்கை.

கூட்டினால் 1650 மி.லி. இந்த வயதுக்கு இது குறைவில்லை. ஆனால் பள்ளி விட்டு வரும்வரை அவன் குடித்தது வெறும் 250 மி.லி. மாலை ஆறு மணிக்கு மேல் குடித்தது 900 மி.லி. ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட தண்ணீரை, தூங்குவதற்கு முன் நான்கு மணி நேரத்தில் உடம்பு வாங்கிக்கொள்கிறது. அது இரவில்தானே வெளியே வர வேண்டும்?

சிறுநீர் கழித்த கணக்கு இன்னும் மோசமாக இருந்தது. காலை 6.30க்கு ஒரு தடவை, அடுத்தது மாலை 4.45. நடுவில் பத்து மணி நேரம். ஏன் என்று கேட்டதற்குப் பையன் சொன்னான், பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லையாம், பெரிய பையன்கள் கதவைத் திறந்துவிடுவார்களாம். கழிவறைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான். இது உம்மாவுக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோது, அவன் கழிக்கும் சிறுநீரை அளவுக் கோப்பையில் பிடித்துப் பார்த்தார்கள். எழுந்ததும் கழிப்பதை விட்டுவிட்டு மற்றவற்றை அளக்க வேண்டும். அதிகபட்சமாக வந்தது 150 மி.லி. ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வயதோடு ஒன்றைக் கூட்டி, முப்பதால் பெருக்குங்கள். எட்டு வயதுக்கு 270 மி.லி. இவனுக்குப் பாதியைவிடச் சற்றுதான் அதிகம். மலம் மூன்று நாளைக்கு ஒரு தடவை, கெட்டியாக. காரணங்கள் எல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டன.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மலத்தை இளக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார்கள். தண்ணீர் நேரத்தை மாற்றினார்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், காலை உணவோடு ஒரு டம்ளர் பால், பள்ளியில் அரை லிட்டர் பாட்டிலை மூன்று மணிக்குள் முடிப்பது, 4.30க்கு ஒன்றரை டம்ளர், இரவுச் சாப்பாட்டோடு முக்கால் டம்ளர். மொத்தம் 1350 மி.லி. இதில் ஆறு மணிக்கு மேல் 150 மி.லி. மட்டுமே. உம்மா பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியையிடம் தனியாகப் பேசினார். காலை இடைவேளையிலும் மதியமும் ஆசிரியர்கள் பக்கத்துக் கழிவறைக்குப் போய்வர அனுமதி கிடைத்தது.

முதல் இரண்டு வாரம் இரவில் எந்த மாற்றமும் இல்லை. உம்மா விட்டுவிடும் மனநிலைக்கு வந்துவிட்டார். நான்காவது வாரம் வாரத்தில் நான்கு இரவாகக் குறைந்தது. இரண்டு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு இரவு. ஞாயிறு அளவும் 220 மி.லி.க்கு உயர்ந்திருந்தது. முழுவதும் நிற்கவில்லை. ஆனால் பையன் இப்போது காலையில் முகம் கொடுத்துப் பேசுகிறான். வாப்பும்மா ஒரு நாள், "உன் வாப்பா ஒன்பது வயசு வரைக்கும் என் பாயை நனைச்சவன்தானே" என்று போட்டு உடைத்தாராம். வாப்பாவும் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த ஒரு பேச்சு பையனின் பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது என்று உம்மா சொன்னார்.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் இதேபோல் இரண்டு நாள் எழுதுங்கள். ஒன்று பள்ளி நாள், ஒன்று விடுமுறை நாள். நனையும் இரவுகளையும் மலம் போன நாட்களையும் ஒரு வாரம் காலண்டரில் குறியுங்கள். உங்கள் பிள்ளைக்கு எது காரணம் என்று இந்தத் தாள் சொல்லும். மருத்துவரிடம் போனாலும் இதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பிள்ளை சிறுநீர் கழிக்க வேண்டும். "வந்தா போ" என்று விட்டால், விளையாட்டு மும்முரத்தில் போகாது. நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு கடிகாரம் இருக்கிறது. சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா ஆகிய ஒவ்வொரு வக்துக்கும் ஒளுச் செய்யும் முன் கழிவறைக்குப் போய்வரப் பழக்குங்கள். சுபுஹுக்கும் லுஹருக்கும் நடுவில் உள்ள நீண்ட இடைவெளியை, பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு தடவையும் காலை இடைவேளையில் ஒரு தடவையும் போவது நிரப்பிவிடும்.

மாலை விஷயத்துக்கு வருவோம். பள்ளி விட்டு வந்ததும் தாகம் தீரக் குடிக்கட்டும். ஆனால் டீ, காபி, கோலா பானங்கள் வேண்டாம். அவற்றில் உள்ள காஃபின் சிறுநீரைக் கூட்டும், பையையும் தூண்டும். மிக்சர், சிப்ஸ் போன்ற உப்பு அதிகமுள்ள நொறுக்குகளும் மாலையில் வேண்டாம். உப்பு தாகத்தைக் கிளப்பும், அதை வெளியேற்ற உடம்பு கூடுதலாகச் சிறுநீரும் உண்டாக்கும். விருந்துச் சாப்பாடு முடித்த இரவில் பிள்ளை கண்டிப்பாக நனைக்கிறது என்று பல வீடுகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவுச் சாப்பாடு இஷா முடிந்த கையோடு, எட்டு மணி அளவில் இருக்கட்டும். அதோடு அரை அல்லது முக்கால் டம்ளர் தண்ணீர். படுக்கும் நேரத்துப் பாலைக் காலைக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்கிறோம். காலையிலும் மதியத்திலும் தண்ணீரைக் கூட்டாமல் இரவுத் தண்ணீரை மட்டும் நிறுத்துவது தவறு. பிள்ளைக்கு நீர் வற்றும், மலம் இறுகும், பை இன்னும் சுருங்கும். ஓடி விளையாடிவிட்டு வந்து உண்மையாகவே தாகம் என்று கேட்டால் இரவானாலும் தண்ணீர் கொடுங்கள்.

படுப்பதற்கு அரை மணி நேரம் முன், பல் துலக்கப் போகும்போது ஒரு தடவை சிறுநீர் கழிக்கட்டும். பிறகு உடை மாற்றி, ஓத வேண்டியதை ஓதி, விளக்கை அணைக்கும் முன் இன்னொரு தடவை போய்வரட்டும். முதல் தடவையில் மீதமிருப்பது இரண்டாவது தடவையில் வந்துவிடும். அவசரப்படாமல், கால் தரையில் ஊன்றி உட்கார்ந்து கழிக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்தால், இருட்டுக்குப் பயந்தே பிள்ளை எழாமல் போகலாம். தலைமாட்டில் டார்ச் வையுங்கள், "எந்நேரமும் என்னை எழுப்பு" என்று சொல்லி வையுங்கள்.

படுக்கையை இரட்டை அடுக்காக விரியுங்கள். மெத்தையின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் ஒரு விரிப்பு, அதன் மேல் மறுபடியும் ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. இரவில் நனைந்தால் மேல் இரண்டை உருவிப் போட்டால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். மாற்று உடையும் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். காலையில் விரிப்பை வாளியில் கொண்டுபோய்ப் போடுவதைப் பிள்ளையே செய்யட்டும். அதைத் தண்டனையாக ஆக்காமல், பல் துலக்குவதுபோல் ஒரு வேலையாகச் சொல்லுங்கள்.

நள்ளிரவில் தூக்கிக்கொண்டு போய்க் கழிக்க வைப்பதால் அன்றைய விரிப்பு தப்பும். ஆனால் பை நிரம்பினால் எழ வேண்டும் என்பதைப் பிள்ளை அதனால் கற்றுக்கொள்வதில்லை. அரைத் தூக்கத்தில் போய்விட்டு வரும் பிள்ளைக்குக் காலையில் அது நினைவிலும் இருக்காது. பயணத்தில் ஒரு இரவு சமாளிக்க இது போதும், தினசரி வைத்தியமாக வேண்டாம்.

பரிசு கொடுக்க விரும்பினால் "நனைக்காத இரவுக்குப் பரிசு" என்று வைக்காதீர்கள். தூக்கத்தில் நடப்பது பிள்ளையின் கையில் இல்லை. பாட்டிலை முடித்தது, படுக்கும் முன் இரண்டு தடவை போனது போல அதன் கையில் இருப்பதற்குப் பாராட்டுங்கள்.

தூய்மை பற்றிய கவலை

ஏழு வயதில் தொழப் பழக்குகிறோம், அந்த நேரத்தில் இது தொடர்ந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். படுக்கையில் சிறுநீர் போனால் குளிப்பு கடமையாவதில்லை. சிறுநீர் பட்ட இடத்தைக் கழுவி, உடை மாற்றி, ஒளுச் செய்தால் போதும். சுபுஹு நேரத்தில் பிள்ளையைக் குளிர்ந்த நீரில் குளிக்க வைக்கத் தேவையில்லை. தூங்குபவர் விழிக்கும்வரையும் சிறுவர் பருவமடையும்வரையும் குற்றம் பதியப்படுவதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த மார்க்கச் சட்டம். மார்க்கம் குற்றம் பிடிக்காத ஒன்றுக்கு வீட்டில் நாம் தண்டனை கொடுப்பது சரியா என்று யோசியுங்கள். மெத்தையையும் விரிப்பையும் சுத்தம் செய்யும் முறையில் சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமலானில் எல்லா நேரமும் தலைகீழாகிவிடும். நோன்பு வைத்துப் பழகும் பிள்ளை, மஃரிபில் கஞ்சியும் சர்பத்தும் தண்ணீரும் ஒரேயடியாகக் குடிக்கும். அந்த மாதத்தில் நனையும் இரவுகள் கூடினால் பின்னடைவு என்று பதறாதீர்கள், மஃரிபிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். ஸஹருக்கு எழுப்பும்போது முதலில் கழிவறைக்கு அனுப்புங்கள், ஸஹர் முடிந்து மறுபடியும் படுக்கும் முன் இன்னொரு தடவை அனுப்புங்கள். பெருநாளுக்குப் பிறகு பழைய அட்டவணைக்குத் திரும்பிவிடலாம்.

இதற்கு மேலும் நிற்காவிட்டால்

இந்தப் பழக்கங்களை இரண்டு மாதம் விடாமல் செய்தும் நிற்கவில்லை, பிள்ளைக்கும் ஏழு வயது தாண்டிவிட்டது என்றால், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ கேளுங்கள். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நனைவு அலாரம். முதல் சொட்டு பட்டதுமே உள்ளாடையில் உள்ள சிறு கருவி ஒலித்துப் பிள்ளையை எழுப்பும். ஆரம்பத்தில் பிள்ளை எழாது, நீங்கள்தான் எழுந்து அதை எழுப்பி நடக்க வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் தினமும் பயன்படுத்த வேண்டும், தொடர்ந்து பதினான்கு இரவுகள் காய்ந்திருந்தால்தான் நிறுத்தலாம். விடாமல் செய்யும் வீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது. அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இது சிரமம்தான், யோசித்து முடிவெடுங்கள்.

இன்னொன்று, டெஸ்மோப்ரெசின் என்ற மாத்திரை. இரவில் குறையும் ஹார்மோனின் வேலையை அது செய்கிறது. கொடுக்கும் இரவில் பலன் தெரியும், நிறுத்தினால் பலருக்கு மறுபடியும் வரும். சுற்றுலா, கல்யாண வீடு போன்ற தேவைகளுக்கு இது உதவும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை பிள்ளை தண்ணீர் குடிக்கக்கூடாது. குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புக்கூட வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மறுபடியும் நனைக்கத் தொடங்கினால், அது இதுவரை சொன்னதில் சேராது. அதோடு தண்ணீர் தண்ணீர் என்று கேட்பது, அடிக்கடி சிறுநீர் போவது, உடம்பு மெலிவது, சோர்வு ஆகியவையும் சேர்ந்திருந்தால் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு நோய் இப்படித்தான் தலைகாட்டும். வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சு வாங்குவதோ தொடங்கிவிட்டால் அது உயிர் ஆபத்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நாளை பார்க்கலாம் என்று ஒரு இரவுகூடத் தள்ளாதீர்கள்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், பகலிலும் உடை நனைவது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது, கால் பலவீனம் அல்லது நடையில் மாற்றம், இடுப்புக்குக் கீழே முதுகில் குழியோ மயிர்க் கொத்தோ இருப்பது ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பாருங்கள். தினமும் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு தடைப்பட்டு விழிக்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறச் சதை வீங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்ததும் நனைவது நின்ற பிள்ளைகள் உண்டு.

மனதில் உள்ள பாரமும் இப்படி வெளிப்படும். புதிதாகத் தம்பி பிறந்தது, வாப்பா வெளிநாடு கிளம்பியது, வீட்டில் சண்டை, பள்ளி மாறியது போன்றவற்றை யோசித்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ இடத்துக்கோ போகப் பயந்து, அதன் பிறகு நனைக்கத் தொடங்கியிருந்தால், மடியில் வைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இவை எதுவும் இல்லாத, எப்போதும் நனைத்துக்கொண்டே வந்த, பகலில் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ஸ்கேனும் விலையுயர்ந்த பரிசோதனைகளும் பெரும்பாலும் தேவைப்படாது. நாளைக் காலை எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் நேரத்தைக் குறித்து ஆரம்பியுங்கள். அந்தத் தாளோடு நமது அடுத்த முகாமுக்கு வந்தால் மருத்துவர் உங்களிடம் தனியாகப் பேசுவார், கூட்டத்தில் யாரும் கேட்காதபடி. இன்ஷா அல்லாஹ், சில வாரங்களில் அந்தத் தாளிலேயே மாற்றத்தைப் பார்ப்பீர்கள்.